கிணற்றுத் தண்ணீரும் ஆய்வுக் கொப்பியும்

(நூற்றாண்டு விழா விரிவுரைத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது, "விஞ்ஞானம் படித்தவர், எல்லோருக்கும் விளங்கக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. ஒரு கொப்பி. நீண்ட காலம் நடக்கும் ஓர் ஆய்வில், ஆய்வுகூட மேசையில் விரித்தபடி கிடக்கும் கொப்பி. இந்த மண்டபத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குச் செய்முறைக் கொப்பி நினைவிருக்கும். முதலில் ஒரு துண்டுக் கடதாசியில் அளவீடுகளைக் குறித்துக்கொள்வோம். வீட்டுக்குப் போய், நோக்கம், உபகரணம், செய்முறை, அவதானம், முடிவு என்று தலைப்பிட்டு, அடிக்கோடிட்டு, அழகான கையெழுத்தில் எழுதுவோம். துண்டுக் கடதாசி குப்பைக்குப் போய்விடும். பரீட்சைக்கு அது சரி. ஆய்வுக்கு அது நேர்மாறு. ஆய்வில் அந்தத் துண்டுக் கடதாசியே மூலம். அழகாக எழுதிய கொப்பி பிரதி மட்டும்தான். ஆகவே துண்டுக் கடதாசி என்ற ஒன்றே இருக்கக்கூடாது. முதல் எழுத்தே கொப்பியில் விழவேண்டும்.

இதை எங்கள் ஊர்த் தண்ணீரை வைத்து விளக்குகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழை நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அதே வழியாகத் தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் எருவும், மலசலகூடக் குழியின் கசிவும் இறங்குகின்றன. இவற்றிலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடும். நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். வளர்ந்தவர்களை அது உடனே வருத்துவதில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுக்கும் மூன்று நான்கு மாதக் குழந்தைக்கு, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடக்கூடும். உதடும் நகமும் நீலம்பாரிக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது.

ஒரு கிராமத்துக் கிணறுகள் இந்த எல்லைக்கு மேலா கீழா என்று சொல்வதற்கு ஒருநாள் அளவீடு போதாது. மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின், வெங்காயக் காலம், தரிசுக் காலம் என்று இரண்டு மூன்று வருடம் மாதாமாதம் அளக்கவேண்டும். இதற்கிடையில் ஆய்வு செய்பவர் மாறலாம், இரசாயனப் போத்தல் தீரலாம், உபகரணத்தின் விளக்கு மாற்றப்படலாம். கடைசியில் ஒருவர் எழுந்து, "உங்கள் எண் சரியென்று எப்படி நம்புவது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில் அன்றைக்குத் தயாரிக்கக்கூடிய ஒன்றல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கவேண்டும்.

சரி, என்ன எழுதுவது? ஒரு போத்தல் தண்ணீரின் பின்னால் போய்ப் பார்ப்போம்.

நைத்திரேற்று புறவூதா ஒளியை உறிஞ்சும். 220 நனோமீற்றர் அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று நிறமாலை ஒளிமானியால் அளந்தால், எவ்வளவு நைத்திரேற்று இருக்கிறது என்று கணக்கிடலாம். தண்ணீரில் கரைந்துள்ள சேதனப் பொருள்களும் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சும். ஆகவே 275 நனோமீற்றரிலும் அளந்து, அதன் இருமடங்கை முதல் அளவீட்டிலிருந்து கழிப்போம். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரின் காபனேற்று குழப்பாமல் இருக்க, வடித்த 50 மில்லிலீற்றர் மாதிரிக்கு ஒரு மில்லிலீற்றர் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் சேர்ப்போம். எளிய முறை, மலிவான முறை, பல பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் செய்யக்கூடிய முறை.

இனி ஒரு கணக்கு. இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள். ஒரு கிணற்றுத் தண்ணீர் செறிவு கூடியதாக இருப்பதால், 10 மில்லிலீற்றரை எடுத்து 50 மில்லிலீற்றராக ஐதாக்குகிறோம். 220இல் அளவீடு 0.780. 275இல் 0.015. இரண்டாவதன் இருமடங்கைக் கழித்தால் 0.750. அன்றைக்கு அளந்த நியமக் கரைசல்களின்படி, இலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் நைதரசன் 0.250 உறிஞ்சல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஐதாக்கிய கரைசலில் 3.0 மில்லிகிராம். ஐந்து மடங்கு ஐதாக்கியதால் கிணற்றுத் தண்ணீரில் 15.0 மில்லிகிராம். இது நைதரசனாகக் கணக்கிட்டது. நைத்திரேற்றாகச் சொல்லவேண்டுமானால் 4.43ஆல் பெருக்கவேண்டும், ஏறத்தாழ 66 மில்லிகிராம். எல்லை 50. இந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால் கரைக்கக்கூடாது.

இப்போது, கொப்பியில் "15" என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன நடக்கும்? ஆறு மாதம் கழித்து அறிக்கை எழுதுபவர் அதை 50உடன் ஒப்பிட்டு, நல்ல தண்ணீர் என்று எழுதிவிடுவார். அமெரிக்காவில் எல்லையை நைதரசனாகச் சொல்வார்கள். அங்கே அது 10. உலக சுகாதார நிறுவனத்தின் 50 நைத்திரேற்றாகச் சொன்னது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான், சொல்லும் விதம்தான் வேறு. எந்த விதம் என்று எழுதாத எண்ணைப் பார்த்து எவராலும் எதுவும் சொல்ல முடியாது. ஐந்து மடங்கு ஐதாக்கியதை எழுத மறந்திருந்தால் இன்னும் மோசம்: 3 என்ற எண் நைத்திரேற்றாக 13 ஆகி, மிகச் சிறந்த கிணறு என்று பெயர் வாங்கிவிடும். நான் பார்த்த ஆய்வுக் கொப்பிகளில் மிக அதிகமாக விடுபடுவது இந்த ஐதாக்கல்தான். செய்யும்போது அது கைப்பழக்கம்; கைப்பழக்கமானதை யாரும் எழுதுவதில்லை.

ஆகவே விடையை எழுதுவது போதாது. 0.780, 0.015, 10இலிருந்து 50, அன்றைய நியமக் கரைசல்களின் அளவீடுகள், இவை எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும். இவை இருந்தால், கூட்டல் கழித்தல் பிழையைக்கூட பத்து வருடத்துக்குப் பின் வேறொருவர் திருத்திவிடலாம். விடை மட்டும் இருந்தால் நம்பலாம், அல்லது நம்பாமல் விடலாம், வேறு வழியில்லை.

நியமக் கரைசலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 105 பாகை வெப்பநிலையில் ஓர் இரவும் பகலும் உலர்த்திய பொற்றாசியம் நைத்திரேற்றில் 0.7218 கிராமைக் கரைத்து ஓர் இலீற்றர் ஆக்கினால், அதில் 100 மில்லிகிராம் நைதரசன் இருக்கும் என்பது புத்தகத்திலுள்ள அளவு. தராசில் சரியாக 0.7218 வந்து நிற்பது அபூர்வம். 0.7304 வந்தால் 0.7304 என்றே எழுதவேண்டும், செறிவு 101.2 என்று கணக்கிட்டுக்கொள்ளலாம், அதில் ஒரு குறையுமில்லை. மூன்று வருடக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு முறையும் 0.7218 என்று எழுதியிருந்தால், பரீட்சகராக நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பக்கங்களைத்தான். அது நிறுத்துப் பார்த்து எழுதியதல்ல, புத்தகத்தைப் பார்த்து எழுதியது. எந்தப் போத்தல், அதன் தொகுதி இலக்கம், எப்போது திறந்தது, எந்தத் தராசு, யார் நிறுத்தது என்பவையும் அதே வரியில் வரவேண்டும். குளோரோபோம் சேர்த்து வைத்த கரைசல் ஆறு மாதம் நிற்கும் என்பார்கள். ஆறாம் மாதம் புதியதைச் செய்யும்போது, பழையதைக் கொட்டுவதற்கு முன் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில் அளந்து எழுதிவிட வேண்டும். இதற்கு அரை மணித்தியாலம் கூடச் செல்லாது. அது எவ்வளவு பெரிய உதவி என்று இப்போது சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் ஆய்வுக்கு வெளிப் பரீட்சகராகப் போயிருந்தேன். இதே விஷயம்தான், கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று. வரைபில் ஒன்று கண்ணில் குத்தியது. இரண்டாவது வருட நடுப்பகுதியிலிருந்து பல கிணறுகளின் கோடு ஒரு படி ஏறி, பிறகு அந்த மட்டத்திலேயே நின்றது. அது உரம் போடும் காலமும் அல்ல, மழைக் காலமும் அல்ல. ஆய்வேட்டில் "நைத்திரேற்று அதிகரித்து வருகிறது" என்று எழுதியிருந்தார். இது தண்ணீரில் வந்த மாற்றமா, ஆய்வுகூடத்தில் வந்த மாற்றமா என்று கேட்டேன். நியமக் கரைசல் பழுதாகி நாம் நினைப்பதைவிடச் செறிவு குறைந்திருந்தால், அதைக்கொண்டு கணக்கிடும் எல்லாக் கிணறுகளும் ஒரே விகிதத்தில் கூடியதாகத் தெரியும். கேள்வி அதுதான்.

அந்தப் பிள்ளை பதற்றப்படாமல் கொப்பியைத் திறந்தார். புதிய நியமக் கரைசல் செய்த பக்கத்தில் பழையதும் புதியதும் அடுத்தடுத்து அளக்கப்பட்டிருந்தன; வித்தியாசம் சொல்லும்படியாக இல்லை. வேறொரு போத்தல் இரசாயனத்திலிருந்து தனியாகச் செய்து, ஒவ்வொரு மாதமும் கிணற்று மாதிரிகளுடன் சேர்த்து அளந்த ஒரு சரிபார்ப்புக் கரைசலும் இருந்தது, அதுவும் அசையவில்லை. ஆகவே ஆய்வுகூடம் தப்பிவிட்டது. பிறகு கிணற்றடிக் குறிப்புகளைப் புரட்டினோம். கூர்ந்து பார்த்தபோது, கோடு ஏறியது எல்லாக் கிணறுகளிலும் அல்ல என்பது தெரிந்தது. ஏறிய ஒவ்வொரு கிணற்றுக்கும் ஏதோ ஒரு மாதத்தில் ஒரு சின்ன வரி: "வாளி இல்லை, இன்று பம்புக் குழாயில் பிடித்தது." சில வீட்டுக்காரர் புதிதாகப் பம்பு பூட்டியிருக்கிறார்கள். அதுவரை வாளியால் மேல்மட்டத் தண்ணீரை அள்ளினார். அதன் பின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்திருக்கிறார். வெயிலில் பாசி பிடித்துக் கிடக்கும் மேல்மட்டத் தண்ணீரும், கல் வெடிப்பிலிருந்து அப்போதுதான் ஊறிவரும் தண்ணீரும் ஒன்றாக இருக்கவேண்டுமென்று இல்லை.

இது ஊகம்தான். ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். திருத்தத்துக்குக் கொடுத்த காலத்தில் அவர் அதே கிணறுகளுக்குப் போய், ஒரே நேரத்தில் வாளியிலும் குழாயிலும் மாதிரி எடுத்து அளந்தார். படியின் உயரம் அங்கேயே தெரிந்தது. நைத்திரேற்று அதிகரித்து வருகிறது என்ற முடிவை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டார். கிணறுகள் எல்லைக்கு மேல் இருக்கின்றன என்ற முடிவு அப்படியே நின்றது. எந்த முறையில் பிடித்தாலும் அவை மேலேதான் இருந்தன. வாளி இல்லை என்ற அந்த வரியை எழுதும்போது அது முக்கியமென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தது, எழுதினார். அவ்வளவுதான்.

இதனால்தான் கிணற்றடியிலும் கொப்பி வேண்டும் என்கிறேன். நேரம், முதல்நாள் மழையா, பம்பு எவ்வளவு நேரம் ஓடியது, போத்தல் எத்தனை மணிக்கு ஐஸ் பெட்டிக்குள் போனது. அமிலம் சேர்க்காத மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் அளந்துவிட வேண்டும். வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை மாற்றத் தொடங்கிவிடும். மின்வெட்டு வந்து குளிர்சாதனப் பெட்டி ஐந்து மணித்தியாலம் நின்றிருந்தால் அதையும் எழுதவேண்டும். எங்கள் நாட்டு ஆய்வுக் கொப்பிகளில் மின்வெட்டுக்கென்று ஒரு நிரலே போடலாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அடுத்தது, பிடிக்காத எண்ணை என்ன செய்வது என்பது. இதற்கு உலகப் பிரசித்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. இலத்திரனின் ஏற்றத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த அமெரிக்க விஞ்ஞானி றொபேட் மில்லிக்கனை உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். 1913இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவீடுகள் இருந்தன. அவை தெரிந்தெடுத்தவை அல்ல, 60 நாள் தொடர்ந்து அளந்த எல்லாத் துளிகளும் அவையே என்றும் எழுதியிருந்தார். 1923இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிற்காலத்தில் வரலாற்றாசிரியர்கள் அவருடைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தபோது, அந்தக் காலப்பகுதிக்குள் 100க்கு மேற்பட்ட துளிகள் இருந்தன. சிலவற்றின் பக்கத்தில் ஏன் விட்டார் என்பதற்குக் காரணம் எழுதியிருந்தார், சிலவற்றில் இல்லை. அவர் எழுதிய வாக்கியம் உண்மையல்ல என்று காட்டிக் கொடுத்தது அவருடைய கொப்பியே.

அவரைக் காப்பாற்றியதும் அதே கொப்பிதான். விட்ட துளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், இறுதி விடை பெரிதாக மாறவில்லை, சிதறல்தான் சற்றுக் கூடுகிறது என்று கண்டார்கள். துளிகளை அவர் அழித்திருந்தால் இதைக் காட்ட எவராலும் முடிந்திராது. இன்னொன்றும் உண்டு. அவருடைய விடை இன்று நாம் ஏற்கும் அளவைவிட ஏறத்தாழ 0.6 சதவீதம் குறைவு. காரணம், காற்றின் பிசுக்குமைக்கு அவர் எடுத்த பெறுமானம் சற்றுப் பிழை. எந்தப் பெறுமானத்தை எடுத்தேன் என்று அவர் வெளிப்படையாக எழுதியிருந்தபடியால், 1930களில் அந்தப் பிழை தெரியவந்தபோது பழைய அளவீடுகளைத் தூக்கி எறியத் தேவை இருக்கவில்லை. திருத்திக் கணக்கிட முடிந்தது.

ஆகவே ஓர் எண்ணைத் தள்ளுவதானால் தள்ளலாம். கலத்தில் விரலடையாளம் இருந்தது, மாதிரி கலங்கியிருந்தது, 275இன் திருத்தம் 220இன் அளவீட்டில் பத்திலொரு பங்குக்கு மேலே போய்விட்டது, இவையெல்லாம் நியாயமான காரணங்கள். கடைசியாகச் சொன்னது வந்தால் அந்தத் தண்ணீருக்கு இந்த முறையே பொருந்தாது. ஆனால் எண்ணை வாசிக்கக்கூடியதாக விட்டு, குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, காரணம், திகதி, கையொப்பம் வைக்கவேண்டும். வெள்ளை மை பூசக்கூடாது, பக்கம் கிழிக்கக்கூடாது. இயலுமானால் காரணத்தை விடை கணக்கிடுவதற்கு முன்பே எழுதவேண்டும். கணக்கிட்ட பிறகு தோன்றும் காரணங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கூடிய எண்ணுக்குக் காரணம் தேடும் நாங்கள், எதிர்பார்த்த எண் வந்தால் கலத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கொப்பியின் தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தைத்துக் கட்டியது, பக்க இலக்கமிட்டது, பேனையால் எழுதியது. உபகரணம் அச்சிட்டுத் தரும் வெப்பக் கடதாசி எங்கள் வெக்கைக்கு ஒரு வருடத்தில் மங்கிப்போகும். அதை ஒட்டி வைத்தால் மட்டும் போதாது, எண்ணைப் பக்கத்தில் கையால் எழுதவேண்டும். கணினியில் உள்ள தரவுக்குக் கோப்பின் பெயரைக் கொப்பியில் எழுதவேண்டும். கொப்பி ஆய்வுகூடத்தில் தங்கவேண்டும். பட்டம் கிடைத்ததும் மெல்பேணுக்கோ ரொறன்ரோவுக்கோ பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது எங்களிடையே சாதாரணம், பிரதியைக் கொண்டுபோகலாம்.

கொப்பி போதுமானதா என்று எழுதுபவருக்கே தெரியாது. அவருக்கு எல்லாம் மனதில் இருக்கிறது. ஆகவே என்னுடன் வேலை செய்யும் பிள்ளைகளிடம் மூன்று மாதத்துக்கொரு முறை கொப்பியை மாற்றிக் கொள்ளச் சொல்வேன். ஒருத்தி மற்றவளின் கொப்பியில் ஒரு கிணற்றையும் ஒரு திகதியையும் எடுத்து, போத்தல் நிரப்பியதிலிருந்து இறுதி எண் வரை, எதுவும் கேளாமல் தானே கணக்கிட்டு வரவேண்டும். பெரும்பாலும் எங்கேயாவது நின்றுவிடுவாள். "இந்த 3.0 ஐதாக்கியதா, ஐதாக்காததா?" "இந்த நியமம் எந்தப் போத்தல்?" "ஆறாம் கிணறு என்பது கோயிலடிக் கிணறா, வாசிகசாலைக் கிணறா?" நின்ற இடத்தில் விடுபட்ட வரியை எழுதியவள் அன்றைக்கே சேர்க்கவேண்டும். பழைய திகதிக்குள் நுழைக்காமல், இன்று எழுதியது என்று இன்றைய திகதியிட்டுச் சேர்க்கவேண்டும். அதற்கான விடை அவளுக்கும் நினைவில்லையென்றால், அந்த எண் கொப்பியில் இருக்கட்டும், அறிக்கையில் வேண்டாம்.